பூமி திருப்பி அனுப்பும் வெளிச்சம்

அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் மாலையில் மொட்டை மாடிக்குப் போய் மேற்கே பிறையைத் தேடும் பழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. பிறையைப் பார்த்தவுடன் கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடாமல் இன்னும் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால், அந்த மெல்லிய கீற்றின் அணைப்புக்குள்ளே மீதி நிலாவும் மங்கலான சாம்பல் வட்டமாகத் தெரியும். அந்தப் பகுதியில் நேர் வெயில் படவில்லை. அங்கே விழுவது பூமியின் வெளிச்சம். சூரியனிலிருந்து கிளம்பி, பூமியின் மேகங்களிலும் பனியிலும் மணலிலும் பட்டுத் திரும்பி, நிலாவைத் தொட்டு, மறுபடி நம் கண்ணுக்கு வந்து சேர்ந்த ஒளி அது. 1510-ஆம் ஆண்டு வாக்கிலேயே லியனார்டோ டா வின்சி இதன் காரணத்தைக் கண்டுகொண்டு தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தார்.

அந்தச் சாம்பல் ஒளி எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்று அளந்தால், பூமி எவ்வளவு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்பது தெரிந்துவிடும். கலிபோர்னியாவில் உள்ள பிக் பேர் சூரிய ஆய்வுக்கூடத்தில் 1998 முதல் 2017 வரை இருபது ஆண்டுகள் இப்படி நிலாவைப் பார்த்து அளந்தார்கள். பூமி கொஞ்சம் மங்கியிருக்கிறது என்பதுதான் கிடைத்த விடை. திரும்பிப் போகும் ஒளி சதுர மீட்டருக்குச் சராசரியாக அரை வாட் குறைந்திருந்தது. அந்தக் குறைவின் பெரும்பகுதி கடைசி மூன்று ஆண்டுகளில் ஏற்பட்டது.

அரை வாட் என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். அதன் எடை புரிய வேண்டுமானால் பூமியின் வரவு செலவைப் பார்க்க வேண்டும். இரவு, பகல், துருவம், நிலநடுக்கோடு எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், வளிமண்டலத்தின் உச்சியில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 340 வாட் வெயில் வந்து சேர்கிறது. அதில் ஏறத்தாழ 100 வாட், எதையும் சூடாக்காமல் வந்த வழியே விண்வெளிக்குத் திரும்பிவிடுகிறது. மீதி 240 வாட்டைத்தான் காற்றும் கடலும் நிலமும் உள்ளே வாங்கிச் சூடாகின்றன. இப்படித் திரும்பிப் போகும் பங்குக்கு விஞ்ஞானிகள் ‘ஆல்பிடோ’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லத்தீன் மொழியில் வெண்மை என்று பொருள். பூமி முழுமைக்கும் இது நூற்றுக்கு 29 அளவில் இருக்கிறது.

இந்த 29 ஒரே ஒரு புள்ளி இறங்கி 28 ஆகிவிட்டால், பூமி கூடுதலாக வாங்கிக்கொள்ளும் வெப்பம் சதுர மீட்டருக்கு 3.4 வாட். காற்றில் உள்ள கரியமில வாயு இரண்டு மடங்கானால் ஏற்படும் கூடுதல் வெப்பமும் நான்கு வாட்டுக்குச் சற்றுக் கீழேதான். புகைபோக்கிகளையும் வண்டிப் புகையையும் மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு பூமியின் வெளுப்பை விட்டுவிட்டால், பாதிக் கதையைத்தான் படித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

கோடையில் கோயில் பிரகாரத்தைச் சுற்றியவர்களுக்கு இதன் அடிப்படை உள்ளங்காலிலேயே தெரியும். கருங்கல் தளம் சுடும். பக்தர்கள் நடப்பதற்காக வெள்ளை வண்ணம் அடித்த பட்டை அதே வெயிலில் கிடந்தும் அவ்வளவு சுடாது. பூமியின் மேலும் இப்படி வெள்ளையும் கருப்புமான திட்டுகள் உண்டு. புதிதாக விழுந்த பனி, மேலே பட்ட ஒளியில் நூற்றுக்கு 80 முதல் 90 வரை திருப்பி அனுப்பும். பாலைவன மணல் 40 வரை அனுப்பும். பைன் போன்ற ஊசியிலை மரக் காட்டிலிருந்து 10 சொச்சம்தான் திரும்பும். வெயில் மேலிருந்து விழும்போது திறந்த கடல் அனுப்புவது 6 அல்லது 7. விண்ணிலிருந்து பார்த்தால் மேகமில்லாத கடலைவிடக் கருமையான பெரும்பரப்பு பூமியில் கிடையாது. அந்தக் கடல்தான் உலகில் பத்தில் ஏழு பங்கு.

வெள்ளைக்கும் கருப்புக்கும் இடையில் மிகப் பெரிய வித்தியாசம் உள்ள இரண்டு பரப்புகள், பனியும் கடலும், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் இடம் ஆர்க்டிக். மேலே இருக்கும் வெள்ளைப் போர்வை உருகினால், அடியில் இருக்கும் கருமை வெளியே வரும்.

அது எப்படி நடக்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க, 1997 அக்டோபரில் கனடாவின் ‘டே க்ரோசெலியே’ என்ற பனி உடைக்கும் கப்பலை வேண்டுமென்றே போஃபர்ட் கடலின் உறைபனிக்குள் சிக்கவிட்டார்கள். ‘ஷீபா’ என்று பெயரிடப்பட்ட அந்த ஆய்வில், கப்பல் பனியோடு பனியாக ஓராண்டு மிதந்தது. அதன் பக்கத்தில் பனியின் மேல் 200 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு குறித்தார்கள். டான் பெரோவிச் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அந்தக் கோட்டின் வழியே நடந்து, இரண்டரை மீட்டருக்கு ஒருமுறை நின்று அளந்தார்கள். வேலை எளிமையானது. ஒளிமானியை வானம் பார்க்க வைத்து வரும் வெளிச்சத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதையே தரை பார்க்கத் திருப்பி, போகும் வெளிச்சத்தைக் குறிக்க வேண்டும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் அந்த இடத்தின் ஆல்பிடோ வந்துவிடும்.

ஏப்ரலிலும் மேயிலும் கோடு முழுவதும் ஒரே மாதிரி இருந்தது. எங்கே நின்று அளந்தாலும் 80-க்கு மேல். மே மாதக் கடைசியில் உருகல் தொடங்கியதும் எண்கள் இறங்க ஆரம்பித்தன. இதற்குப் பனி முழுதும் கரைந்து போக வேண்டியதில்லை, ஈரமானாலே போதும். கற்கண்டுக் கட்டி கண்ணாடி போல இருக்கும், பொடித்தால் வெள்ளையாகிவிடும். ஒளி ஒவ்வொரு சிறு பொடியின் பரப்பிலும் பட்டுச் சிதறித் திரும்புவதுதான் காரணம். பனியின் வெண்மையும் அப்படிப்பட்டதே. பனித்துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, இடைவெளிகளில் நீர் புகுந்துவிட்டால், ஒளி சிதறுவதற்குப் பரப்பு குறைகிறது. அது இன்னும் ஆழமாக உள்ளே போகிறது, திரும்பி வருவது குறைகிறது.

ஜூன் நடுவில் உருகிய நீர் பள்ளங்களில் தேங்கிக் குட்டைகளானது. அதன் பிறகு கோட்டின் ஒருமைப்பாடு போய்விட்டது. ஆகஸ்டு தொடக்கத்தில் ஆழமான கரும் குட்டையின் மேல் அளந்தால் 10, சில அடி தள்ளி வெறும் வெள்ளைப் பனிக்கட்டியின் மேல் அளந்தால் 65. மொத்தக் கோட்டின் சராசரி 40-க்கு வந்திருந்தது. வெப்பம் இன்னும் பனிக்கட்டியை உருக்கிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பனிக்கட்டி வாங்கும் வெயில் மூன்று நான்கு மடங்காகிவிட்டது. உருகலே உருகலைக் கூட்டும் இந்தச் சுழற்சியை 1969-லேயே சோவியத் விஞ்ஞானி மிகயீல் புடிகோவும் அமெரிக்க விஞ்ஞானி வில்லியம் செல்லர்ஸும் தனித்தனியே சமன்பாடுகளில் எழுதிக் காட்டியிருந்தார்கள். பெரோவிச் குழு அதைக் காலடியில் பார்த்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தச் சுழற்சியின் வேகம் விளங்கும். கோடையில் ஒரு நாள், மேகமூட்டத்தைத் தாண்டித் தரைக்குச் சராசரியாக 250 வாட் வெயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 85 திருப்பி அனுப்பும் பனிக்கு மிஞ்சுவது 38 வாட்டுக்கும் குறைவு. அதை முழுவதும் உருக்கவே செலவிட்டாலும் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் பனிக்கட்டிதான் கரையும். அதே வெயில் பக்கத்தில் திறந்து கிடக்கும் கடல்நீரில் விழுந்தால் 232 வாட் உள்ளே போகும். அது ஆறரை சென்டிமீட்டர் பனிக்கட்டியை உருக்கப் போதுமான வெப்பம். நீர் வாங்கிய வெப்பம் நீரோடு நிற்பதில்லை. பக்கத்துப் பனிக்கட்டியின் ஓரத்தையும் அடியையும் அது அரிக்கிறது, குளிர் வந்த பிறகும் கடல் உறையத் தாமதமாக்குகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆர்க்டிக் பனி பற்றிய செய்திகள் பெரும்பாலும் செப்டம்பரில் வரும், ஏனென்றால் பனிப்பரப்பு ஆண்டிலேயே மிகக் குறைவாக இருப்பது அந்த மாதத்தில்தான். 1980-களில் செப்டம்பரில் ஏழு மில்லியன் சதுர கிலோமீட்டர் அளவில் இருந்த பனி, 2012-இல் 3.4 மில்லியனுக்கு இறங்கியபோது உலகமே பேசியது. ஆனால் செப்டம்பரில் ஆர்க்டிக் சூரியன் அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்துவிடுகிறது. அப்போது திறந்திருக்கும் நீர் வாங்குவதற்கு அதிக வெயில் இல்லை. சூரியன் மறையாமல் நாள் முழுவதும் காயும் ஜூனில், குட்டைகள் ஒரு வாரம் முன்னதாகத் தேங்குகின்றனவா என்பதுதான் வெப்பக் கணக்கில் பெரிய விஷயம். உருகல் தொடங்கும் தேதி, உருகி முடித்த பரப்பைவிட அதிகம் பேசுகிறது.

இந்த இழப்பு உலக அளவில் எவ்வளவு என்று கணக்கிட்டவர்களில் ஒருவர் வீரபத்ரன் ராமநாதன். தமிழகத்தில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, பிறகு அமெரிக்காவில் வளிமண்டல ஆய்வில் முன்னணிக்கு வந்தவர். அவரும் கிறிஸ்டினா பிஸ்டோன், இயன் ஐசன்மேன் ஆகியோரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1979-க்கும் 2011-க்கும் இடையில் ஆர்க்டிக் பகுதியின் ஆல்பிடோ 52-இலிருந்து 48-க்கு இறங்கியிருந்தது. அந்தக் கூடுதல் வெப்பத்தை உலகம் முழுவதற்கும் பரப்பிப் போட்டால், சதுர மீட்டருக்கு 0.21 வாட். அதே காலத்தில் சேர்ந்த கரியமில வாயு தந்த கூடுதல் வெப்பத்தில் அது நான்கில் ஒரு பங்கு. மேலே இருந்து பார்க்கும் செயற்கைக்கோள் அளவுகளையும் இதில் பயன்படுத்தினார்கள் என்பதால், மேகங்கள் மறைப்பதும் கணக்குக்குள் வந்துவிட்டது. பனி போனால் அந்த இடத்தை மேகம் வெளுப்பாக்கி ஈடுகட்டிவிடும் என்று சிலர் நம்பினார்கள். அப்படி ஈடு கிடைத்ததற்கு அறிகுறி இல்லை.

காடுகளுக்கு வந்தால் விஷயம் இவ்வளவு நேராகப் போவதில்லை. மரம் நட்டால் பூமி குளிரும் என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். நம் ஊர் வெப்பமண்டலத்தில் அது உண்மை. ஆனால் கனடாவிலும் சைபீரியாவிலும் ஆண்டில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் வெட்டவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். அது பட்ட ஒளியில் 60-க்கு மேல் திருப்பி அனுப்பும். அங்கே ஊசியிலை மரங்களை வளர்த்தால், பனி மரங்களுக்கு அடியில் போய்விடுகிறது. கிளைகளில் தங்கியதும் சீக்கிரம் சரிந்து விழுகிறது. சூரியன் தாழ்வாக நிற்கும் அந்த ஊர்களில், ஒளி பக்கவாட்டில் வந்து கரும்பச்சை மரங்களின் மேலேயே விழுகிறது. திரும்பிப் போவது 20 சொச்சமாகிவிடுகிறது. பிரிட்டனின் ஹாட்லி மையத்தைச் சேர்ந்த ரிச்சர்டு பெட்ஸ், மரம் உறிஞ்சும் கரியமில வாயுவால் கிடைக்கும் குளிர்ச்சியை அந்த மரத்தின் கருமை பல இடங்களில் தின்றுவிடுகிறது என்று 2000-ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார்.

ஏழு ஆண்டுகள் கழித்து கோவிந்தசாமி பாலாவும் அவருடைய சகாக்களும் கணினி மாதிரியில் ஒரு கடுமையான சோதனை செய்தார்கள். உலகின் காடுகள் எல்லாவற்றையும் வெட்டிப் புல்வெளியாக்கினால் 2100-இல் என்ன ஆகும்? வெளியேறிய கரியமிலத்தால் வெப்பம் 1.3 டிகிரி கூடியது. தரை வெளுத்ததும் ஈரம் ஆவியாவது மாறியதும் சேர்ந்து 1.6 டிகிரி குறைத்தன. ஆக மொத்தம் 0.3 டிகிரி குளிர்ச்சி. இந்த விடையைப் படித்துவிட்டு யாரும் கோடாலியைத் தூக்கக் கூடாது என்பதில் ஆய்வாளர்கள் தெளிவாக இருந்தார்கள். காடு என்பது வெப்பமானியை இறக்குவதற்கான கருவி மட்டும் அல்ல. ஆய்வின் உண்மையான பயன் வேறு இடத்தில் இருந்தது. அதே மாதிரியில் வெப்பமண்டலக் காடுகளை மட்டும் வெட்டியபோது பூமி சூடானது, வடகோடிக் காடுகளை மட்டும் வெட்டியபோது குளிர்ந்தது. வெப்பமண்டல மரம் கரியமிலத்தைச் சேமிக்கிறது, நீரை ஆவியாக்கி மேலே மேகத்தையும் கட்டுகிறது. அந்த வெள்ளை மேகம் இலையின் கருமையைச் சரிக்கட்டுகிறது. எங்கே நடுகிறோம் என்று கேட்காமல் எத்தனை மரம் என்று மட்டும் எண்ணும் திட்டங்கள் இந்த வித்தியாசத்தைத் தவறவிடுகின்றன.

மேகம்தான் இந்தக் கதையின் பெரிய பாத்திரம். திரும்பிப் போகும் 100 வாட்டில் ஏறத்தாழ 75-ஐ அனுப்புவது மேகங்களும் காற்றும்தான், தரையும் கடலும் அனுப்புவது 25 அளவே. தென்பாதி உலகில் வெளுத்த நிலப்பரப்பு குறைவு, கருங்கடல் அதிகம். ஆனாலும் வடபாதியும் தென்பாதியும் ஏறக்குறைய ஒரே அளவு ஒளியைத் திருப்புகின்றன என்பதைச் செயற்கைக்கோள்கள் 1970-களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டன. தென்கடல்களின் மேல் கூடுதலாகக் கவிந்திருக்கும் மேகங்கள்தான் அந்தச் சமநிலைக்குக் காரணம்.

ஆனால் மேகம் குடையாகவும் இருக்கிறது, கம்பளியாகவும் இருக்கிறது. பகலில் வெயிலைத் திருப்பும், அதே நேரம் தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தை மேலே போகவிடாமல் தடுக்கும். மேகமூட்டமான மார்கழி இரவு அவ்வளவு குளிராமல் இருப்பது இதனால்தான். இரண்டில் எது பெரியது என்ற கேள்விக்கு 1989 வரை உறுதியான விடை இல்லை. ராமநாதனும் சகாக்களும் செயற்கைக்கோள் அளவுகளைக் கொண்டு அந்த ஆண்டில் விடை சொன்னார்கள். 1985 ஏப்ரல் மாதத்துக்கான கணக்கில், மேகங்கள் சதுர மீட்டருக்கு 44 வாட் வெயிலைத் திருப்பி, 31 வாட் வெப்பத்தைப் பிடித்துவைத்தன. நிகர வரவு 13 வாட் குளிர்ச்சி.

எல்லா மேகத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. மிக உயரத்தில் மெல்லிய திரை போலப் பரவும் மேகம் வெயிலைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிட்டு, வெப்பத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். கலிபோர்னியா, பெரு, நமீபியா கரைகளுக்கு அப்பால் குளிர்ந்த கடலின் மேல் தாழ்வாக, பஞ்சு மெத்தை போல ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரந்திருக்கும் மேகமோ ஏறக்குறைய முழுக் குடை. அதை எடுத்துவிட்டால் அடியில் இருப்பது கருங்கடல். ஆர்க்டிக்கில் பனிக்கு நேர்ந்தது இங்கே மேகத்துக்கு நேரும்.

இந்தத் தாழ்ந்த மேகங்களில் மனிதர் கைபட்ட அடையாளம் 1960-களின் செயற்கைக்கோள் படங்களிலேயே தெரிந்தது. கடல் மேகத்தின் மேல் யாரோ சுண்ணாம்புக் கோடு கிழித்த மாதிரி நீண்ட வெள்ளைத் தடங்கள். அடியில் போன கப்பல்களின் புகையால் வந்தவை அவை. கந்தகம் நிறைந்த எண்ணெயை எரிக்கும்போது வெளிவரும் நுண்துகள்கள் மேகத்துக்குள் போய் ஒவ்வொன்றும் ஒரு நீர்த்துளிக்குக் கருவாகிறது. மேகத்தில் உள்ள நீர் அதே அளவுதான், ஆனால் அது அதிகத் துளிகளாகப் பிரிந்துகொள்கிறது. ஒரு துளி எட்டுச் சிறு துளிகளாகப் பிரிந்தால், ஒவ்வொன்றின் ஆரமும் பாதியாகும், எல்லாவற்றின் மொத்தப் பரப்பு இரண்டு மடங்காகும். கற்கண்டைப் பொடித்த கதைதான் மறுபடியும். மேகம் வெளுக்கிறது.

2020 ஜனவரி 1 முதல் உலகக் கப்பல்களின் எண்ணெயில் கந்தகத்தின் உச்ச அளவு நூற்றுக்கு 3.5-இலிருந்து 0.5-ஆகக் குறைக்கப்பட்டது. துறைமுகங்களை ஒட்டி வாழும் மக்களின் நுரையீரலுக்கு அது பெரிய நன்மை, தேவையான சட்டம். கூடவே கப்பல் தடங்களும் வெகுவாகக் குறைந்தன. கடல் அந்த அளவுக்குக் கூடுதல் வெயிலை வாங்கத் தொடங்கியது. உலகச் சராசரியில் இது சதுர மீட்டருக்கு 0.1 வாட்டை ஒட்டியது என்கின்றன பல கணிப்புகள். நாம் பல பத்தாண்டுகளாகக் காற்றை அழுக்காக்கியே நம்முடைய சூட்டின் ஒரு பகுதியை மறைத்து வைத்திருந்தோம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் இல்லை.

2023 வந்தபோது உலக வெப்பநிலை எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய 0.2 டிகிரி கூடுதலாகத் தாவியது. எல் நினோவையும் பசுமைக்குடில் வாயுக்களையும் சேர்த்துக் கூட்டியும் அந்தப் பாக்கி நின்றது. ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனத்தைச் சேர்ந்த ஹெல்கே கோஸ்லிங்கும் சகாக்களும் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், அந்த ஆண்டு பூமியின் ஆல்பிடோ பதிவுகளிலேயே மிகத் தாழ்ந்த அளவைத் தொட்டதாகவும், பாக்கியை அதுவே விளக்கிவிடும் என்றும் சொன்னார்கள். குறைந்தது பெரும்பாலும் பனியால் அல்ல. வடபாதியின் நடு அட்சரேகைகளிலும் வெப்பமண்டலத்திலும் தாழ்ந்த மேகங்கள் குறைந்திருந்தன.

ஏன் குறைந்தன? காற்று சுத்தமானது ஒரு காரணமாக இருக்கலாம். இயற்கையாகவே ஆண்டுக்கு ஆண்டு வரும் ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம். மூன்றாவது சாத்தியம்தான் விஞ்ஞானிகளைத் தூங்கவிடாதது: கடல் சூடாவதாலேயே தாழ்ந்த மேகம் கலைகிறது, கலைவதால் கடல் மேலும் சூடாகிறது என்ற சுழற்சி. முதல் இரண்டும் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். மூன்றாவது வெப்பம் கூடக் கூடத் தொடரும். மூன்றும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதைப் பிரித்துச் சொல்ல, இன்னும் பல ஆண்டு அளவுகள் இடைவெளி இல்லாமல் வேண்டும்.

அந்த அளவுகளைத் தருவது ‘செரஸ்’ என்ற கருவி. 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளில் ஏறி, 2000 மார்ச்சிலிருந்து பூமியின் வரவு செலவை எழுதி வருகிறது. பிறகு அதன் உடன்பிறப்புகள் வேறு செயற்கைக்கோள்களிலும் ஏறின. தேடுவது 100 வாட்டில் ஏற்படும் ஒரு வாட், அரை வாட் மாற்றத்தை. ஒரு கருவிக்கும் இன்னொன்றுக்கும் இடையில் உள்ள சிறு பிசகே அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். அதனால் பழைய கருவி சாகும் முன் புதியது மேலே போய், இரண்டும் சில காலம் ஒரே பூமியைச் சேர்ந்து பார்த்தாக வேண்டும். அப்போதுதான் இரண்டின் எண்களையும் ஒரே கோட்டில் தைக்க முடியும். டெர்ராவும் 2002-இல் ஏவிய அக்வாவும் எரிபொருள் தீர்ந்து தங்கள் பாதையிலிருந்து விலகத் தொடங்கிவிட்டன. அடுத்த கருவியை 2027-இல் ஏவத் திட்டமிட்டிருக்கிறார்கள். ரோமானியப் புராணத்தில் செரஸ் தேவதையின் மகள் பெயர் லிபெரா. அந்தப் பெயரையே புதிய கருவிக்கும் வைத்திருக்கிறார்கள்.